சில்வர் ஷீட்டும் இரண்டு விரற்கடை காற்றும்

மொட்டை மாடியில் கலர் ஷீட் கூரை போடுகிறவர்கள், வெயில் உள்ளே இறங்காமல் இருக்க சில்வர் பபிள் ஷீட் வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பும் மறுபக்கம் வெள்ளை பிளாஸ்டிக்குமாக வரும் ரகம்தான் விலை குறைவு. அதைப் பல இடங்களில் பர்லின் பைப்புக்கு அடியில், பளபளப்பு கீழே பார்க்கும்படி இழுத்துக் கட்டி, பிளைவுட் சீலிங்கை அதன்மேல் அழுத்தி முடுக்கிவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஃபாயிலுக்குக் கொடுத்த காசு முழுக்க வீண்.

ஹோட்டலில் சாம்பாரை ஊற்றித் தரும் சில்வர் கவரை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் விரல் சுடும். கன்னத்தை ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் சூடு அவ்வளவாகத் தெரியாது. அந்த ஓர் அங்குலத்தில்தான் விஷயமே இருக்கிறது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் கான்கிரீட்டைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமானது. எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் சூட்டை அப்படியே கைமாற்றிவிடும். அதன் திறமை வேறொன்றில்: கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை அது வெளியே விடுவதில்லை. பெயிண்ட் பூசிய பரப்போ மரமோ விடக்கூடிய கதிரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் சுத்தமான ஃபாயில் விடும். ஆனால் கதிர் பாய்வதற்கு எதிரே வெற்றிடமோ காற்றோ இருக்க வேண்டும். பிளைவுட் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கதிருக்கு வழியே இல்லை, சூடு தொட்டுத் தொட்டு இறங்குகிறது. அங்கே ஃபாயில் பளபளத்தாலும் கறுத்தாலும் ஒன்றுதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மதியம் ஷீட் 65 டிகிரி, கீழே உள்ள பரப்பு 35 டிகிரி, நடுவே பர்லின் உயரமான 40 மில்லிமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். மேலே பெயிண்ட் பூசிய ஷீட், கீழே வெள்ளை பிளாஸ்டிக் என்றால் ஒரு சதுர மீட்டர் வழியாகக் கதிராக மட்டும் சுமார் 190 வாட் இறங்கும். அசையாத காற்று வழியாக வருவது 20 வாட்தான். இப்போது அதே ஃபாயிலை பர்லினுக்கு மேலே, ஷீட்டுக்கு அடியில் விரித்து, பளபளப்பு கீழே உள்ள காற்றைப் பார்க்கும்படி வைத்தால் கதிர் 11 வாட்டுக்கு விழுந்துவிடும். மொத்தம் 210-லிருந்து 31. பொருள் அதேதான், விரித்த இடம் மட்டும் வேறு.

இடைவெளி குறையக் குறைய காற்று வழியாக வரும் பங்கு ஏறும். 10 மில்லிமீட்டரில் அது 80 வாட்டை நெருங்கும், 1 மில்லிமீட்டரில் பல நூறு. ஃபாயில் தொய்ந்து சீலிங்கில் படிந்தாலும் இதே கதிதான். பபிளுக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சில மில்லிமீட்டர் ஓர் இடைவெளியின் வேலையைச் செய்துவிடாது.

காற்று ஏன் அசையக் கூடாது? சூடான காற்று மேலேயே தங்கும் இயல்புள்ளது. அதனால் கூரையிலிருந்து கீழே இறங்கும் சூட்டுக்கு, மூடிய இடைவெளி தானாகவே அமைதியாக இருக்கிறது, நமக்கு அது பெரிய வசதி. ஓரங்களில் ஓட்டை விட்டு, ஃபேன் காற்றோ சந்துக் காற்றோ உள்ளே சுழன்றால், அது மேலே தொட்டு எடுத்த சூட்டைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். கதிரைத் தடுக்கும் ஃபாயிலால் அதைத் தடுக்க முடியாது. சுவரில் வைத்தால் இடைவெளிக்குள் காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சுழலும் என்பதால், கூரையில் கிடைத்த அளவு பலன் அங்கே கிடைக்காது.

பளபளப்பு வானத்தைப் பார்த்தால்தானே வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று பலர் கேட்கிறார்கள். இடைவெளியின் மேல் பக்கத்தில் இருந்தாலும் கீழ்ப் பக்கத்தில் இருந்தாலும் கணக்கு ஒன்றே. மேலே இருந்தால் கதிரை விடாது, கீழே இருந்தால் வந்த கதிரை வாங்காது. ஆனால் மேல் நோக்கிய ஃபாயிலில் தூசி படியும். தூசிப் படலம் மூடிவிட்டால் அது சாதாரணப் பரப்புதான். அதனால் கீழ் நோக்கி வைப்பதே நல்லது. தனி சீலிங் இல்லாத ஷெட்டில் ஃபாயிலை ஷீட்டின் அடியிலேயே ஒட்டினாலும் பலன் உண்டு, அறைக் காற்றுதான் அங்கே இடைவெளி. பிறகு அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க, துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நேராக ஃபாயில்மீது நீட்டாதீர்கள். எதிரே உள்ள அறையின் சூட்டைத்தான் அது பெரும்பாலும் காட்டும். ஃபாயிலில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த டேப்பை அளந்தால் சரியான அளவு வரும். இதைவிட எளிய வழி, மதியம் இரண்டு மணிக்கு பிளைவுட் சீலிங்கைக் கையால் தடவிப் பார்ப்பது. பர்லின் போகும் இடங்களில் மட்டும் கோடு கோடாகச் சுட்டு, நடுப்பகுதி மிதமாக இருந்தால் இடைவெளி வேலை செய்கிறது. அந்தக் கோடுகளும் வேண்டாம் என்றால், பைப்புக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ஒரு மரச் சட்டம் வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.