ஒமேகாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் கியோர்க் கான்டர் 1869-இல் வேலைக்குச் சேர்ந்தபோது இருபதுகளில் இருந்த இளைஞர். அங்கே மூத்த பேராசிரியராக இருந்த எட்வர்ட் ஹைனே அவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தார். சைன், கொசைன் அலைகளைக் கூட்டி ஒரு சார்பை எழுதினால், அதை அப்படி எழுத ஒரே ஒரு வழிதான் உண்டா? ஒரே வழிதான் என்று கான்டர் 1870-இல் நிரூபித்தார். அதோடு அவர் விடவில்லை. கோட்டில் சில புள்ளிகளில் அந்தக் கூட்டல் என்ன ஆகிறது என்று தெரியாவிட்டாலும் முடிவு நிற்குமா, அப்படி எத்தனை புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அடுத்துக் கேட்டார்.

எத்தனை என்பதைவிட, புள்ளிகள் எப்படி அடைந்து கிடக்கின்றன என்பதே முக்கியம் என்று அவருக்குப் புரிந்தது. அதை அளக்க அவர் கையாண்ட உத்தியைச் சல்லடை என்று சொல்லலாம். புள்ளிக் கூட்டம் ஒன்றைச் சலிக்கும்போது தனியாக நிற்கும் புள்ளிகள் கீழே விழுந்துவிடும். எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் பக்கத்தில் கூட்டத்தின் வேறு புள்ளிகள் இருந்துகொண்டே இருக்கும் இடங்கள் மட்டும் சல்லடையில் தங்கும்.

1, 1/2, 1/3, 1/4 என்று போகும் புள்ளிகளையும் அவற்றோடு 0-ஐயும் எடுத்துக்கொள்வோம். 1/3-க்குப் பக்கத்தில் 1/2-உம் 1/4-உம் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே இடைவெளி உண்டு. ஆகவே அது தனிப்புள்ளி, விழுந்துவிடும். பின்னங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 0-இன் நிலை வேறு. அதைச் சுற்றி எவ்வளவு சின்ன வட்டம் போட்டாலும் எண்ணற்ற பின்னங்கள் உள்ளே வந்து விழும். எனவே முதல் சலிப்பில் 0 மட்டும் தங்குகிறது. மறுபடி சலித்தால் அதுவும் தனிப்புள்ளிதான், விழுந்துவிடும். இந்தக் கூட்டம் இரண்டு சலிப்பில் காலி.

இதேபோல் மூன்று சலிப்பு தாங்கும் கூட்டம், நூறு சலிப்பு தாங்கும் கூட்டம் என்று எதையும் கட்டலாம். குறிப்பிட்ட ஏதோ ஒரு எண்ணிக்கையில் காலியாகிவிடும் கூட்டங்களைத் தாராளமாக ஒதுக்கலாம் என்று கான்டர் 1872-இல் காட்டினார். ஹைனேயின் கேள்விக்கு அது போதும். ஆனால் சல்லடையைக் கையில் எடுத்தவருக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

எத்தனை முறை சலித்தாலும் காலியாகாத கூட்டம் உண்டா? உண்டு. 1-க்குப் பக்கத்தில் ஒரு சலிப்பில் காலியாகும் கொத்து ஒன்றை வைப்போம். 1/2-க்குப் பக்கத்தில் இரண்டு சலிப்பு தாங்கும் கொத்து, 1/3-க்குப் பக்கத்தில் மூன்று தாங்கும் கொத்து என்று 0-ஐ நோக்கி அடுக்கிக்கொண்டே போவோம். கொத்துகள் ஒன்றோடொன்று மோதாதபடி மேலும் மேலும் சிறியவையாக இருக்கட்டும். கடைசியில் 0-ஐயும் சேர்த்துக்கொள்வோம். ஆயிரம் முறை சலித்தால் முதல் ஆயிரம் கொத்துகள் காணாமல் போகும். ஆயிரத்து ஒன்றாவதிலிருந்து எல்லாம் மிச்சம் இருக்கும். அவை 0-ஐ மொய்த்துக்கொண்டிருப்பதால் 0 விழாது. எந்த எண்ணைச் சொன்னாலும் இதே கதைதான்.

எண்கள் எல்லாம் தீர்ந்த பிறகு என்ன மிஞ்சும்? ஒவ்வொரு கொத்தும் ஏதோ ஒரு கட்டத்தில் போய்விட்டது. எல்லாச் சலிப்புகளையும் தாண்டி நிற்பது 0 மட்டுமே. இப்போது அது தன்னந்தனிப் புள்ளி. இன்னும் ஒரே ஒரு முறை சலித்தால் அதுவும் விழும்.

அந்த ‘இன்னும் ஒரு முறை’ எத்தனையாவது சலிப்பு? முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று போகும் வரிசையில் அதற்கு இடமே கிடையாது. எல்லா எண்களும் முடிந்த பிறகு வரும் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1880-இல் வெளியான கட்டுரையில் கான்டர் அதை ∞ என்ற குறியால் எழுதி, அதற்கும் அடுத்ததை ∞+1 என்று குறித்தார். வெறுமனே ‘முடிவே இல்லை’ என்று கைவிரிக்கும் அந்தக் குறி தமக்கு உதவாது, இது திட்டமான ஓர் இடம் என்று தோன்றியதாலோ என்னவோ, 1883-இல் எழுதிய நூலில் கிரேக்க அகரவரிசையின் கடைசி எழுத்தான ஒமேகாவை, ω என்பதை, அதற்குச் சூட்டினார். அகரவரிசை முடிந்துபோன இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கியவர் அவர்.

தமிழில் இதைச் சொல்வது எளிது. ‘ஐந்து’ என்பது எத்தனை என்ற கேள்விக்குப் பதில். ‘ஐந்தாவது’ என்பது எந்த இடம் என்ற கேள்விக்குப் பதில். ஒமேகா இரண்டாவது வகை. ‘ஆவது’ போட்டுப் பேச வேண்டிய வரிசை எண் அது.

இனி விநோதம். மேலே கட்டிய கூட்டத்தையே மறுபடி எடுத்துக்கொள்வோம். ω சலிப்புகள் சலித்துவிட்டு, பிறகு ஒரு முறை சலித்தால் கூட்டம் காலி. இது ω + 1. இப்போது வரிசையை மாற்றுவோம்: முதலில் ஒரு முறை சலித்துவிட்டு, அதன் பிறகு ω முறை சலிப்போம். இது 1 + ω. முதல் சலிப்பில் 1-க்குப் பக்கத்துக் கொத்து போய்விடும். இரண்டு தாங்கிய கொத்து இனி ஒன்று தாங்கும்; மூன்று தாங்கியது இரண்டு தாங்கும். அதாவது, கூட்டம் ஆரம்பத்தில் இருந்த அதே அமைப்புக்கே திரும்பிவிடுகிறது. அதன்மேல் ω முறை சலித்தால் முன்போலவே 0 சல்லடையில் நிற்கும். முன்கூட்டிச் செய்த அந்த ஒரு சலிப்பு விழலுக்கு இறைத்த நீர். எனவே 1 + ω = ω. ω + 1 மட்டும் வேறு.

கூட்டலில் இடம் மாறினால் விடை மாறாது என்று இரண்டாம் வகுப்பிலேயே படித்தோமே என்று யாரும் கேட்கலாம். அங்கே கூட்டியது ‘எத்தனை’களை. இங்கே ஒட்டுவது வரிசைகளை. இடது பக்கத்து வரிசை முடிந்த இடத்தில் வலது பக்கத்து வரிசை தொடங்குகிறது.

ஒரு பக்கம் முடிவே இல்லாமல் நீளும் மனிதர் வரிசை ஒன்றை நினைத்துக்கொண்டாலும் இதே விடைதான் வரும். ஒருவர் அடாவடியாக எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறார். சண்டை நடக்கலாம், கணக்கில் மாற்றமில்லை. டோக்கனை எல்லாரும் ஒன்று தள்ளி எழுதிக்கொண்டால் போதும்: புதியவர் முதலாவது, பழைய முதலாமவர் இரண்டாவது. டோக்கன்களை மட்டும் பார்க்கும் ஒருவரால் யாரோ நுழைந்ததைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாறாக, அந்த ஆள் நல்லவராக எல்லாருக்கும் பின்னால் போய் நின்றால் வரிசையின் உருவமே மாறிவிடுகிறது. பழைய வரிசையில் கடைசி ஆள் என்று ஒருவரும் கிடையாது. இப்போது ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்னால் எண்ணற்ற பேர் நிற்கிறார்கள். ஆனால் ‘எனக்கு நேர் முன்னால் நிற்பவர் இவர்’ என்று அவரால் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. யாரைக் காட்டினாலும் அவருக்குப் பின்னாலும் ஆள் இருக்கும்.

இந்த இரண்டு வரிசைகளையும், முன்பின் குலையாமல், ஆளுக்கு ஆள் ஜோடி சேர்க்க முயன்றால் எங்கே தடுக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். முதலாமவருக்கு முதலாமவர், அவருக்கு அடுத்தவருக்கு அடுத்தவர் என்று வேறு வழியே இல்லாமல் ஜோடிகள் அமைந்துகொண்டு போகும். அப்படியே போய் ஒரு வரிசை முழுவதும் தீர்ந்துவிடும். கடைசியில் நின்ற நல்லவர் துணையில்லாமல் நிற்பார். முன்பின் பற்றிக் கவலையில்லை என்றால் அவரை அழைத்து முதலாமவரோடு சேர்த்து, மற்றவர்களை ஒவ்வொரு இடம் தள்ளிவிடலாம். ஆள்கணக்கில் இரண்டும் சமம். வித்தியாசம் முழுக்க முழுக்க நிற்கும் ஒழுங்கில் இருக்கிறது.

இந்த எண்களுக்கு இன்னொரு குணம் உண்டு: ஏறுவதற்கு முடிவில்லை, இறங்குவதற்கு முடிவு உண்டு. எந்த வரிசை எண்ணிலிருந்து தொடங்கினாலும், ஒவ்வொரு அடியிலும் சிறியதொரு வரிசை எண்ணுக்குத் தாவிக்கொண்டே வந்தால், எண்ணிவிடக்கூடிய அடிகளுக்குள் சுழியத்தைத் தொட்டே ஆக வேண்டும்.

கடன்காரர் உதாரணம் இதற்கு நன்றாகப் பொருந்தும். கடன் கொடுத்தவர் சொல்கிறார்: “எத்தனை நாளில் தருவே? எண்ணை நீயே சொல்லு, எவ்வளவு பெரிசா இருந்தாலும் சரி. ஆனா இப்பவே சொல்லணும்.” வாங்கியவர், “அண்ணே, பத்தாயிரம் நாள்” என்கிறார். அந்த நொடியிலிருந்து பத்தாயிரம் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். சொல்லும்வரை எல்லையில்லை, சொன்னபின் தப்பில்லை. இது ω கெடு.

“எண்ணை நாளைக்குச் சொல்றேன் அண்ணே” என்று அவர் ஒரு நாள் வாங்கிவிட்டால் அது ω + 1. முதல் அடியில் ω + 1 இறங்கி ω ஆகிறது. வலது பக்கத்து ஒன்று முதலில் செலவாகிறது. அந்த ஒரு நாளில், அவர் இன்னும் எந்த எண்ணுக்கும் கட்டுப்படவில்லை. அது அசல் லாபம். சரி, கடன் கொடுத்தவர் இரக்கப்பட்டு, “எண்ணை இப்பவே சொல்லு, நீ சொன்னதுக்கு மேல நான் ஒரு நாள் போட்டுத் தரேன்” என்றால்? அது 1 + ω. வாங்கியவருக்கு இதில் ஒரு பைசா பிரயோஜனமில்லை. அந்த நாள் வேண்டுமென்றால் பத்தாயிரத்து ஒன்று என்று அவரே சொல்லியிருப்பாரே.

எண்ணைச் சொல்லும் நாளையே தள்ளிப்போட அவருக்கு அனுமதி கிடைத்தால் எண்கள் இன்னும் உயரும். “எண்ணை என்றைக்குச் சொல்வேன் என்பதை இப்போது சொல்கிறேன், அந்த நாள் வந்ததும் எண்ணைச் சொல்கிறேன்” என்பது ω + ω. இப்படி எத்தனை முறை தவணை மேல் தவணை கேட்பேன் என்பதையும் தாமே முடிவு செய்துகொள்ளலாம் என்றால் ω².

கணிதர்கள் இதே இறங்குகணக்கைச் சதுரங்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் முடிவில்லாமல் விரியும் பலகை. வெள்ளைக்கு வெற்றி நிச்சயம். கறுப்பு செய்யக்கூடியதெல்லாம் தோல்வியை ஒத்திப்போடுவதுதான். கறுப்பு தன் யானையை எவ்வளவு தூரம் விரட்டுகிறதோ அவ்வளவு நகர்த்தல்கள் அதற்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலை அமைந்தால், அந்த நிலையின் மதிப்பு ω. அந்த நிலைக்கு வந்து சேர வெள்ளை இன்னும் ஒரு நகர்த்தல் செய்ய வேண்டியிருந்தால் மதிப்பு ω + 1. கோரி எவான்ஸும் ஜோயல் டேவிட் ஹாம்கின்ஸும் 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ω³ மதிப்புள்ள காயமைப்பு ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். நார்மன் பெர்ல்மட்டரும் சேர்ந்துகொண்ட 2017 கட்டுரையில் அது ω⁴ வரை ஏறியது. அந்த அமைப்பிலும் வெள்ளைதான் வெல்லும், எண்ணிவிடக்கூடிய நகர்த்தல்களுக்குள். எத்தனையில் என்று ஆட்டம் தொடங்கும்போது யாராலும் சொல்ல முடியாது.