மடிக்கும் முன் காளான் வற்றட்டும்

வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக நறுக்கி, முட்டையோடு அடித்து, கல்லில் ஊற்றித் திருப்பிப் போடுகிற நம் வீட்டு ஆம்லெட் அநேகமாகத் தண்ணீர் விடுவதில்லை. அதில் காய் பச்சையாகத்தான் போகிறது. ஆனால் ஒரு கைப்பிடிக்கும் குறைவு, ஆம்லெட்டும் மெல்லிசு. இரண்டு பக்கமும் கல்லில் படுவதால், வெங்காயத்தின் ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது. சிக்கலெல்லாம் நடுவில் காய்கறி வைத்து, அரைவட்டமாக மடித்து எடுக்கும் ஆம்லெட்டில்தான். மடித்த பிறகு உள்ளே எழும் ஆவிக்கு வெளியேற வழி இல்லை. அது தண்ணீராகவே தங்கி, தட்டில் வைத்த இரண்டு நிமிடத்தில் ஓரமாக வழிகிறது. அடியில் முட்டை நமநமத்துப் போகிறது; பக்கத்தில் வைத்த ரொட்டியும் ஊறிவிடுகிறது.

இதில் முதல் குற்றவாளி பட்டன் காளான். அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஒருவருக்கான ஆம்லெட்டுக்கு மூன்று முட்டை என்று வைத்துக்கொண்டால், உடைத்து ஊற்றியபின் அது ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். அதே 150 கிராம் காளானை எடுத்தால், அதற்குள் மட்டும் 135 மில்லி தண்ணீர் இருக்கிறது. கையில் பிடித்துப் பார்த்தால் காளான் உலர்ந்ததாகத்தான் தெரியும், ஏனென்றால் தண்ணீர் முழுவதும் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது செல்களின் சவ்வு சிதைந்து, உள்ளிருப்பது வெளியே வரத் தொடங்குகிறது. அடித்த முட்டை இறுகுவது 70 டிகிரியை ஒட்டி. அதாவது முட்டை வெந்து, நாம் அடுப்பிலிருந்து இறக்கும் நேரமும் காளான் தண்ணீர் விட ஆரம்பிக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. முட்டையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் காளான் வற்றும்தான். ஆனால் அதற்குள் முட்டை ரப்பராகிவிடும். இரண்டுக்கும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் பதம் பார்க்க முடியாது. அதனால் காளானை முன்கூட்டியே தனியாக வதக்க வேண்டியிருக்கிறது.

வதக்குவது என்றதும் எண்ணெயில் இரண்டு புரட்டு புரட்டி எடுத்துவிடுகிறோமே, அது இங்கே உதவாது. பாதி வதங்கிய காளான், பச்சைக் காளானைவிட மோசம். தண்ணீர் விடும் வேலை தொடங்கியிருக்கும், முடிந்திருக்காது. மீதியை ஆம்லெட்டுக்குள் போய் விடும்.

அகலமான வாணலியை நன்றாகக் காயவையுங்கள். காளானை மண் போகச் சட்டென்று கழுவி, துணியில் ஒற்றி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாமலே போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியாமல் பரப்பிப் போட வேண்டும். குவிந்தால் மேலே இருப்பது கீழே இருப்பதன் ஆவியில் வேகுமே தவிர வற்றாது. சின்ன வாணலிதான் இருக்கிறதென்றால் இரண்டு தடவையாகச் செய்யலாம். இரண்டு சிட்டிகை உப்பை இப்போதே தூவுங்கள். உப்பு தண்ணீரை இழுக்கும் என்று பயந்து கடைசியில் போடுகிறவர்கள் உண்டு. இங்கே இழுக்கத்தான் வேண்டும். அது வாணலியில் நடக்கட்டும், தட்டில் அல்ல.

தீ நன்றாக எரியட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் காளான் சுருங்கி, வாணலி முழுக்கப் பழுப்பு நிறத் தண்ணீர் நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் பலரும் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். வடித்துக் கொட்டவும் வேண்டாம். சாறில்தான் காளானின் ருசி இருக்கிறது. அது வற்றி மறுபடி துண்டுகள் மேலேயே படியும்வரை காத்திருங்கள். காது கொடுத்துக் கேட்டாலே பதம் தெரியும். தண்ணீர் இருக்கும்வரை கொதிக்கிற சத்தம். வற்றியதும் அது அடங்கி, படபடவென்று பொரிகிற சத்தம் எழும். ஆவி ஏறக்குறைய நின்றிருக்கும். தோசைத்திருப்பியால் காளானை ஓரமாக ஒதுக்கி வாணலியைச் சாய்த்தால் எதுவும் ஓடி வரக்கூடாது. ஒரு துண்டை அழுத்தினாலும் ஈரம் கசியக்கூடாது. அப்போது ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து சேர்த்து, ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். தண்ணீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால், சிவப்பது இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். மொத்தம் எட்டு, பத்து நிமிடம் பிடிக்கலாம். 150 கிராம் காளான் பாதியளவாகச் சுருங்கியிருக்கும். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். மூன்று முட்டைக்கு உண்மையில் அவ்வளவுதான் வேண்டும்.

கூடுதலாக ஒரு நிமிடம் வதங்கினால் என்னாகும் என்ற கவலை காளானில் தேவையில்லை. அது மற்ற காய்போலக் குழைவதில்லை. அதன் செல் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருள் சமையல் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது.

வதக்கியதைத் தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். மூடி வைத்தால் ஆவி மூடியில் பட்டுச் சொட்டி, போன தண்ணீர் திரும்பிவிடும். பிறகு கல்லைத் துடைத்து, மிதமான தீயில் முட்டையை ஊற்றி, மேல்பரப்பு பாதி இறுகி ஈரப் பளபளப்பு மட்டும் மிச்சமிருக்கையில் ஒரு பாதியில் காளானைப் பரப்பி மடிக்கலாம். உள்ளே வைத்தது ஏற்கெனவே வெந்தது. அரை நிமிடம் சூடேறினால் போதும்.

மற்றவற்றுக்கும் கணக்கு இதுதான், வழி கொஞ்சம் மாறும். பாலக்கீரையை வாணலியில் சுருள வதக்கி, ஆறியதும் கையால் பிழிந்துவிடுவது வற்றவைப்பதைவிடச் சுலபம். ஒரு கட்டுக் கீரை எலுமிச்சை அளவுக்கு வந்துவிடும். தக்காளியில் விதையும் அதைச் சுற்றிய வழவழப்பும்தான் தண்ணீர். அதை வழித்துப் போட்டுவிட்டு, சதையை மட்டும் தொக்குப் பதத்துக்கு வதக்கலாம். குடைமிளகாய்க்கு அவ்வளவு பாடு வேண்டாம், பச்சை வாசம் போய் விளிம்பு துவண்டால் போதும்.

இவ்வளவும் செய்தபின் தட்டில் ஈரம் தெரிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். பழுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் காய் இன்னும் வற்றவில்லை. நிறமில்லாமல் அல்லது லேசான மஞ்சளாக இருந்தால் அது முட்டை விட்ட தண்ணீர். முட்டையின் புரதம் இறுகும்போது தண்ணீரைத் தன் பின்னலுக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூடு அதிகமானால் பின்னல் மேலும் இறுகி, ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். இதற்குக் காளானை இன்னும் வதக்கிப் பயனில்லை. தீயைத் தணித்து, முட்டையைக் கொஞ்சம் முன்னதாக இறக்க வேண்டும்.

வதக்கிய காளானை முதல்நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் டப்பாவின் அடியில் ஒரு கரண்டிக்கும் குறைவாக நீர் தேங்கியிருக்கக்கூடும். சூடான வாணலியில் ஒரு நிமிடம் புரட்டிவிட்டு முட்டைக்குள் வையுங்கள். சில்லென்று அப்படியே வைத்தால் அந்த நீரும் ஆம்லெட்டுக்குள்தான் போகும்.