மாதவிலக்கு நின்ற பிறகு வரும் வலி

45 வயதைத் தாண்டிய பெண்கள் பலர், "இப்பல்லாம் எனக்கு அதுல நாட்டமே இல்லைங்க" என்று சொல்வதுண்டு. வயதாகிவிட்டது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று காரணமும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் வேறொரு விஷயம் மெல்ல வெளியே வரும். நாட்டம் குறைவதற்குச் சில மாதங்கள் முன்பே, கணவரோடு சேரும்போது எரிச்சல் தொடங்கியிருக்கும். இரண்டு முறை, மூன்று முறை பொறுத்துக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகு, இரவில் கணவர் பக்கத்தில் வந்து படுத்தாலே உடம்பு இறுகிவிடும். வலிக்கப்போகிறது என்று தெரிந்த ஒன்றின் மீது யாருக்கும் ஆசை வராது. இங்கே முதலில் கவனிக்க வேண்டியது அந்த வலியைத்தான்.

வலி ஏன் வருகிறது? பிறப்புறுப்பின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனால் பராமரிக்கப்படுகிறது. அந்தச் சுவர் தடிப்பாக, மடிப்பு மடிப்பாக, நெகிழ்ந்துகொடுப்பதாக, ஈரமாக இருப்பதெல்லாம் அதனால்தான். அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையைக் காத்து, கெட்ட கிருமிகளைத் தள்ளிவைப்பதற்கும் அதுவே ஆதாரம். சினைப்பைகள் ஓயும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. சுவர் மெலிகிறது, மடிப்புகள் மழுங்குகின்றன, ஈரம் ஊறுவது தாமதமாகிறது, அமிலத்தன்மையும் குறைகிறது. சிறுநீர்ப்பாதையும் இதே ஹார்மோனை நம்பியிருப்பதால் நீர்க்கடுப்பும் அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன என்பதால் 2014-இல் மருத்துவ உலகம் இவற்றை ஒரே தொகுப்பாகப் பார்த்து ஒரே பெயரும் வைத்தது.

மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் வருகிறது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்த கர்ப்பப்பை அறுவைசிகிச்சைக்குப் பிறகும், சில மார்பகப் புற்றுநோய் சிகிச்சைகளின்போதும் சட்டென்று வந்துவிடும். உடம்பு திடீரென்று சூடேறி வியர்ப்பது பெரும்பாலோருக்குச் சில வருடங்களில் அடங்கிவிடும். வறட்சி அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் கூடவே செய்யும்.

மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் வகையில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 49. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம். சேரும்போது எரிகிறது, மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதும் எரிகிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல், மருந்துக் கடையில் 'நீர்க்கடுப்பு' என்று மட்டும் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்குகிறார். பிறகு வெள்ளைப்படுதலுக்கான பூஞ்சை மாத்திரையை உள்ளே வைக்கிறார். சுத்தம் போதவில்லையோ என்று நினைத்துச் சோப்புப் போட்டும், விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவத்தாலும் கழுவுகிறார். எரிச்சல் கூடுகிறது. மெலிந்த தோலைச் சோப்பு மேலும் வறட்டுகிறது. இல்லாத கிருமிக்குத் தின்ற மருந்து, மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் குறைக்கிறது. கணவரோ மனைவிக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து ஒதுங்கிப் படுக்கிறார். இருவருமே வாய்விட்டுப் பேசவில்லை.

ஒருவழியாக மகளிர் மருத்துவரிடம் போகிறார். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை. சர்க்கரையும் சரியாக இருக்கிறது. பரிசோதித்தபோது உட்சுவர் வெளிறி, வழவழவென்று, தொட்டாலே எரியும்படி இருக்கிறது. பெரும்பாலும் இவ்வளவிலேயே தெரிந்துவிடும், விலை உயர்ந்த ஹார்மோன் பரிசோதனைகள் தேவைப்படுவதில்லை.

வைத்தியம் படிப்படியானது. சோப்பை நிறுத்தி, வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வைக்கும் ஈரப்பத ஜெல் ஒன்று உண்டு. அது தோலைப் பேணுவதற்கு. சேரும் நேரத்தில் தடவும் வழுவழுப்பு ஜெல்லி வேறு, அது உராய்வைக் குறைப்பதற்கு. பலரும் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஜெல்லியை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். இரண்டிலும் வாசனை, 'சூடேற்றும்' சேர்மானம் உள்ளவை வேண்டாம். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் ரப்பர் ஆணுறையை அது பலவீனப்படுத்திவிடும். மாதவிலக்கு இன்னும் முழுதாக நிற்காதவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு இருப்பதால் இதை மறக்கக்கூடாது.

இவை போதாதபோது, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கொண்ட கிரீமையோ உள்ளே வைக்கும் மாத்திரையையோ மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். 'ஹார்மோன்' என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து, குழாயைத் திறக்காமலே வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையைப் பற்றியது. இந்தக் கிரீம் அந்த இடத்திலேயே வேலை செய்கிறது. சொன்ன அளவில் போட்டால் ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரையும் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

நாலு நாளில் குணம் தெரியாது. எரிச்சல் சில வாரங்களில் தணியத் தொடங்கும், முழுப் பலன் தெரியச் சுமார் மூன்று மாதம் ஆகலாம். நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் வறட்சி மெல்லத் திரும்பிவரும். கண்ணாடி போடுவதைப் போல, தேவை இருக்கும்வரை தொடர வேண்டிய ஒன்று இது.

தோல் சரியான பிறகும் சிலருக்கு வலி போகாது. நாம் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கும் அப்படித்தான். மாதக்கணக்கில் வலியை எதிர்பார்த்துப் பழகிய இடுப்படித் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி இவர்களுக்கு உதவாது. மூச்சை ஆழமாக விட்டபடி அந்தத் தசைகளைத் தளர்த்தக் கற்க வேண்டும். இதில் பழகிய பிசியோதெரபிஸ்ட்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். தசைகள் தளரப் பழகும்வரை உறவை நிறுத்திவைப்பது நல்லது, ஏனென்றால் வலியோடு நடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இறுக்கத்தை வளர்க்கிறது. அணைத்துக்கொள்வதையும் தொடுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. "இன்னைக்கு இவ்வளவுதாங்க" என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் அந்தத் தொடுகை பயமில்லாததாகிவிடும்.

இனி ஆசை. கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய ஒரு விளக்கம் இங்கே மிகவும் பயன்படுகிறது. ஆசை தானாகப் பொங்கி, அதன் பிறகுதான் நெருக்கம் என்ற வரிசை எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றார் அவர். பேச்சும் தொடுகையும் இதமாகத் தொடங்கிய பிறகே பலருக்கு ஆசை எழுகிறது, நீண்ட காலம் சேர்ந்து வாழும் தம்பதிகளிடம் இது இயல்பு என்பது அவர் கருத்து. நடுவயதில் உடம்பு தயாராக முன்பைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதற்கு இடம் கொடுக்காத அவசரம்தான் பல வீடுகளில் வலியைக் கூட்டுகிறது என்பது என் எண்ணம். கணவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கும்.

வலி தீர்ந்தும் நாட்டம் திரும்பாவிட்டால், அதுவே மனதை வருத்தினால், தூக்கம், மனச்சோர்வு, தைராய்டு, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆசையைக் குறைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இருவருக்குமே நாட்டம் குறைந்து, இருவரும் நிம்மதியாக இருந்தால் அது நோயல்ல, சிகிச்சையும் வேண்டியதில்லை.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குபவர்கள் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், மாதவிலக்கு நின்னதுல இருந்து வீட்டுக்காரரோட சேரும்போது எரியுது." இந்த ஒரு வரி போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் கண்டால், அது ஒரு துளியானாலும், உறவுக்குப் பிறகுதானே என்று தோன்றினாலும், உடனே போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் அது இந்த வறட்சியால் வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் முதலில் அப்படித்தான் தலைகாட்டும், பரிசோதிக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.