பி ஃபார் பாண்டிச்சேரி

எங்கள் அண்ணன் பெயர் பழனிவேல். ஆதாரில் S. Pazhanivel என்று இருக்கும். போன வருடம் ஒரு காப்பீட்டுக்காகப் போனில் விவரம் கேட்டார்கள். அண்ணன் எழுத்துகளை மளமளவென்று ஒப்பித்தார். எதிர்முனையில் இருந்த பெண், "பழனிவேல்தானே சார்?" என்றார். "ஆமாம்மா" என்று இவரும் வைத்துவிட்டார். வந்த பத்திரத்தில் F. Balanivel என்று இருந்தது. அதைத் திருத்த ஆதார் நகலோடு மூன்று முறை அலைந்தார்.

அந்தப் பெண் கவனக்குறைவாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. B, C, D, E, G, P, T, V ஆகிய எட்டின் பெயர்களும் 'ஈ' என்ற ஒரே ஓசையில் முடிகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது தொடக்கத்தில் வரும் ஒரு நொடிக்கும் குறைவான மெய்யொலி மட்டும்தான். தமிழில் எழுதினால் B, P இரண்டும் 'பி'. D, T இரண்டும் 'டி'. நம் எழுத்தில் இல்லாத அந்த வேறுபாடு நம் வாயிலும் பல நேரம் மங்கிவிடுகிறது. ஆங்கிலேயர்கள் P சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று வெடித்து வரும். நாம் காற்றில்லாமல் சொல்வதால் அவர்கள் காதில் அது B ஆகிவிடுகிறது.

S, F கதை வேறு. பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ்' என்ற சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் எஸ்ஸும் எஃப்பும் ஒன்றுபோலவே கேட்கும்.

விமானிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. அதற்காகத்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற சொல் வரிசை வந்தது. இன்றைய வடிவம் 1956 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முதலில் N எழுத்துக்கு 'நெக்டார்' என்று வைத்திருந்தார்கள்; பிறகு அதை 'நவம்பர்' என்று மாற்றினார்கள். மற்றொரு சொல்லோடு குழம்பாத சொல்லாக இருந்தால்தான் துணைச்சொல் பயன்படும்.

நமக்கு ஊர்ப் பெயர்களே போதும். P ஃபார் பாண்டிச்சேரி, B ஃபார் பெங்களூர், D ஃபார் டெல்லி, T ஃபார் திருச்சி, M ஃபார் மதுரை, N ஃபார் நாகர்கோவில், S ஃபார் சேலம், V ஃபார் வேலூர். திண்டுக்கல்லைத் தொடாதீர்கள்: ஆங்கிலத்தில் அது D, தமிழ்க் காதுக்கு T. கடலூரும் அப்படித்தான், எழுதுவது C, கேட்பது K.

அண்ணன் பெயரை இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் "இனிஷியல் S, சேலம். பெயர் பழனிவேல், மொத்தம் பத்து எழுத்து." பிறகு வாய் உச்சரிக்கும் அசைப்படியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அவர் தட்டச்சு செய்ய இடைவெளி விட்டு: "P பாண்டிச்சேரி, A. அடுத்து Z ஜீப்ரா, H ஹைதராபாத், A. அடுத்து N நாகர்கோவில், I. கடைசியாக V வேலூர், E ஈரோடு, L." குழம்பக்கூடிய எழுத்துக்கு மட்டும் ஊர் போதும். எல்லா எழுத்துக்கும் ஊர் சொன்னால் கேட்பவர் களைத்துப்போவார். எழுத்துக் கணக்கைச் சொன்னதால், அவர் திரையில் ஒன்பதே எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். Palanivel என்று எழுதினால் ஒன்பதுதான்.

முகவரியில் எழுத்தைவிட எண்ணே ஏமாற்றும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றாகக் கேட்கும். தமிழில் பதினைந்து, ஐம்பது என்றால் சந்தேகமே இல்லை. தமிழ் தெரியாதவரிடம் 'ஒன், ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லலாம். 15/2 என்ற கதவெண்ணைப் 'பதினஞ்சு பை ரெண்டு' என்போம். அந்த 'பை' சிலர் காதில் 'ஃபைவ்' ஆகி 1552 என்று பதிவாகும். 'சாய்கோடு' அல்லது 'ஸ்லாஷ்' என்று சொல்வது பாதுகாப்பு. 1972-இல் வந்த ஆறு இலக்கப் பின்கோடை மூன்று மூன்றாகச் சொல்லுங்கள். அதன் அமைப்பே அப்படித்தான்: முதல் மூன்று கடிதம் பிரிக்கப்படும் வட்டாரம், கடைசி மூன்று அஞ்சலகம்.

இனி அந்த "பழனிவேல்தானே சார்?" என்ற கேள்விக்கு வருவோம். Palanivel, Balanivel, Pazhanivel எதை எழுதியிருந்தாலும் வாயால் படித்தால் பழனிவேல்தான். அண்ணன் 'ஆமாம்' சொன்னது பெயருக்கு. பத்திரத்தில் ஏறியது எழுத்து. இப்போதெல்லாம் யார் அப்படிக் கேட்டாலும் அண்ணன், "நீங்க எழுதினதை ஒவ்வொரு எழுத்தா படிங்கம்மா" என்கிறார். கையில் ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு, அவர் படிக்கப் படிக்க விரலால் தொட்டுச் சரிபார்க்கிறார்.