பாதியில் நிறுத்திய பாலிசிக்கு எவ்வளவு பணம் திரும்பும்?

காரை விற்றுவிட்டோம், இன்ஷூரன்ஸ் இன்னும் பல மாதம் ஓட இருக்கிறது. மிச்ச நாளுக்கான பிரீமியம் அப்படியே திரும்பி வரும் என்று நினைப்போம். வரும் தொகையோ பல சமயம் குறைவாக இருக்கும். காரணம், குறுகியகாலக் கட்டணம்.

2002-இல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்கென ஒரு பட்டியல் உண்டு. பாலிசி ஒரு மாதம் வரை ஓடியிருந்தால் ஆண்டு பிரீமியத்தில் 20 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அடுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் 10 சதவீதம் கூடும். எட்டு மாதத்தைத் தாண்டினால் திரும்ப எதுவும் கிடைக்காது. பாலிசி வழங்கும் செலவும் ஏஜெண்ட் கமிஷனும் தொடக்கத்திலேயே ஆகிவிடுகின்றன. ஒரு மாதத் தேவைக்கு ஆண்டு பாலிசி எடுத்துவிட்டு உடனே ரத்து செய்வதையும் தடுக்க வேண்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

ஒரு கணக்கு போடுவோம். வரி நீங்கலாக பிரீமியம் 12,000 ரூபாய். ஏப்ரல் 1-இல் தொடங்கிய பாலிசி ஆகஸ்ட் 8-உடன் ரத்தாகிறது. ஓடியது 130 நாள், அதாவது ஐந்தாவது மாதம். பட்டியல்படி 60 சதவீதம் போய், 4,800 ரூபாய் கைக்கு வரும். ஜூலை 31-உடன் நிறுத்தியிருந்தால் 6,000 கிடைத்திருக்கும். எட்டே நாளில் 1,200 ரூபாய் இழப்பு.

நாள் கணக்கில் பார்த்தால் மீதி 235 நாள். 12,000-ஐ 365-ஆல் வகுத்து 235-ஆல் பெருக்கினால் 7,726 ரூபாய். இரண்டு முறைக்கும் இடையே கிட்டத்தட்ட 2,900 ரூபாய் வித்தியாசம்.

இன்று தனிநபர் பாலிசிக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கையின்படி, காரணம் சொல்லாமலே பாலிசியை ரத்து செய்யலாம். ஓராண்டு வரையிலான பாலிசியில் கிளெய்ம் எதுவும் வாங்கவில்லை என்றால், மீதிக் காலத்துக்கு உரிய விகிதத்தில் பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். கிளெய்ம் வாங்கியிருந்தால் இந்த உரிமை இல்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். அதனால் வாங்கியவர் தன் பெயரில் புதுப் பாலிசி எடுத்து, அதன் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகே ரத்துக் கடிதம் கொடுங்கள். நிறுவனமும் அந்த நகலைக் கேட்கும்.

பணம் வந்ததும் கணக்குத்தாளைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த தொகை 50, 60 என்று முழுச் சதவீதமாக இருந்தால் பழைய பட்டியலைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.