மூச்சுக்கும் மதிப்பெண் உண்டு

இரண்டு நிமிடம். அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். நேரம் தாண்டினால் மதிப்பெண் குறையும். தேர்வு நெருக்கடியைப் பற்றிக் கவிதை சொல்ல வரும் மாணவர் முதலில் சந்திப்பதே இன்னொரு தேர்வு மணியைத்தான்.

கவிதை ஸ்லாம் எனப்படும் இந்தப் போட்டி 1980களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் அதைத் தொடங்கினார். எழுதிய கவிதையை வாசிப்பது இதில் போதாது. உடலாலும் குரலாலும் நிகழ்த்திக் காட்ட வேண்டும். பார்வையாளர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் மதிப்பெண் தருவார்கள். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கழிக்கப்பட்டு மீதி மூன்றும் கூட்டப்படும். அங்கே வழக்கமான நேரம் மூன்று நிமிடம். பத்து விநாடி சலுகை உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரை மதிப்பெண் போகும். 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் இந்தப் போட்டிகள் பெருமளவில் கணினித் திரைக்கு வந்தன. இணையப் போட்டிகள் சிலவற்றில் நேரம் இரண்டே நிமிடம்தான்.

இந்தியாவில் இளைஞர்கள் இந்த மேடைக்கு அதிகம் கொண்டுவரும் விஷயங்களில் ஒன்று தேர்வு. வியப்பில்லை. 2024இல் மட்டும் நீட் தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்காக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் இந்த எண்களைக் கவிதையில் சொன்னால் கேட்பவர் தலையசைப்பார், அவ்வளவுதான். தேர்வறையில் நெஞ்சு அடைப்பதைக் கேட்பவரின் நெஞ்சிலும் உண்டாக்க எண்களால் முடியாது. மூச்சால் முடியும்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

ஓர் உதாரணம். டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தமிழ் மாணவி ஒருவர் இணையப் போட்டிக்குத் தமிழில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதியில் 230 சொற்கள். ஆங்கிலத்தில் சாதாரண வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் 230 சொற்கள் அடங்கிவிடும். தமிழில் அடங்காது. 'உட்கார்ந்திருக்கிறார்கள்' என்பது தமிழில் ஒரே சொல். எனவே தமிழில் சொல்லை எண்ணுவதைவிட, புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணுவதே சரியான அளவு.

அவரவர் வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பத்திரிகையில் ஒரு பத்தியை எடுத்து, எதிரே இருபது பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, 30 விநாடி உரக்கப் படிக்க வேண்டும். பிறகு படித்த எழுத்துகளை எண்ணி 30ஆல் வகுக்க வேண்டும். நம் மாணவிக்கு விநாடிக்கு 4 எழுத்து வருகிறது என்போம். 120 விநாடியில் பத்தை எச்சரிக்கைக்காக ஒதுக்கினால் 110. மூச்சு வாங்கவும் மௌனத்துக்கும் 20 போனால் பேச மிஞ்சுவது 90 விநாடி. அதாவது 360 எழுத்து. ஏறக்குறைய 110 சொல். முதல் பிரதியில் பாதி போயே தீரவேண்டும்.

எதை வெட்டுவது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டு வேகமாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். டியூஷன், கட் ஆஃப், பக்கத்து வீட்டுப் பையன், அப்பாவின் கனவு என்று பட்டியல் ஓடுகிறது. ஒன்றும் மனதில் நிற்பதில்லை. இரண்டு நிமிடத்தில் ஒரே ஓர் இடம், ஒரே ஒரு வேளைதான் அடங்கும்.

நம் மாணவிக்கு அந்த வேளை கையிலேயே இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் காலை 10.15க்குக் கேள்வித்தாள் தரப்படுகிறது. 10.30 வரை படிக்கலாம். விடை எழுதக் கூடாது. அந்தப் பதினைந்து நிமிடத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொண்டால் கவிதையின் நேரமும் கதையின் நேரமும் ஒன்றாகிவிடும். தொடக்கம் இப்படி அமையலாம்:

மணி பத்து இருபத்தெட்டு. /
கேள்வித்தாள் கையில இருக்கு. /
பேனா மேசையில இருக்கு. /
இன்னும் ரெண்டு நிமிஷம் /
நான் படிக்கலாம். எழுதக் கூடாது. //

மொத்தம் 45 எழுத்து. சுமார் பதினோரு விநாடி. ஒற்றைக் கோடு சிறு மூச்சுக்கு. இரட்டைக் கோடு வயிறு நிறைய இழுக்கும் மூச்சுக்கு. வரிகள் வேண்டுமென்றே சிறியவை. படபடப்பு அதிகமாக இருப்பது முதல் இருபது விநாடியில்தான். வீட்டில் ஒரே மூச்சில் பத்து விநாடி பேசுகிறவருக்கும் அப்போது ஐந்தாறு விநாடியில் மூச்சு தீர்ந்துவிடும்.

கடைசியில் நிற்கும் 'இல்லை'

மூச்சு தீர்ந்தால் என்ன கெடும்? தமிழில் கெடுவது அதிகம். காரணம், தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. 'இல்லை', 'மாட்டேன்', 'கூடாது' என்ற மறுப்பும் அங்கேதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. மூச்சு குறையும்போது முதலில் விழுங்கப்படுவது வாக்கியத்தின் கடைசிச் சொல். 'நான் பயப்படல' என்று சொல்ல வந்தவர் 'நான் பயப்பட...' என்பதோடு தேய்ந்துபோனால் கேட்பவருக்கு நேர்மாறான பொருள் போய்ச் சேரும். எனவே மறுப்பு வரும் வரிக்கு முன்னால் கட்டாயம் ஒரு முழு மூச்சு வேண்டும்.

மூச்சை எங்கே வாங்கக் கூடாது என்பதற்கும் கணக்கு உண்டு. 'அம்மா எடுத்த லீவு' என்பதில் 'எடுத்த' என்ற சொல் 'லீவு'க்காகக் காத்திருக்கிறது. நடுவில் மூச்சு வாங்கினால் வரி முறிந்துவிடும். வினை முடிந்த இடம், 'உம்' வந்த இடம், பட்டியலில் ஒரு பொருள் முடிந்த இடம் ஆகியவை பாதுகாப்பானவை.

இந்த விதியைத் தெரிந்தே மீறும் இடமும் ஒன்று உண்டு. கவிதையின் நடுப்பகுதி அது:

அப்பா கட்டின ஃபீஸ், அம்மா எடுத்த லீவு, பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கின தொண்ணூத்தெட்டு, பாட்டி நேர்ந்துகிட்ட பழனி மொட்டை //

இதில் 38 எழுத்து இருக்கிறது. இதை விநாடிக்கு ஐந்து எழுத்து வேகத்தில், ஏறக்குறைய எட்டு விநாடியில், நடுவில் மூச்சே வாங்காமல் சொல்ல வேண்டும். 'மொட்டை'க்கு வரும்போது குரல் மெலியும். சிரிக்கத் தொடங்கிய கேட்பவருக்கும் அங்கே லேசாக மூச்சு முட்டும். நெருக்கடி என்ற சொல்லைச் சொல்லாமலே நெருக்கடி வந்துவிடுகிறது. ஆனால் இந்த வித்தையை ஒரு கவிதையில் ஒருமுறைதான் செய்யலாம். இரண்டாவது முறை செய்தால் பேசுகிறவருக்கு மூச்சுப் பயிற்சி போதாது என்றுதான் தோன்றும்.

பிறகு திருப்பம்:

படிச்சது எதுவும் மறக்கல. //
மூச்சு விடத்தான் மறந்துட்டேன். //

இருபது எழுத்து, ஐந்து விநாடி. இதற்குப் பின் நான்கு விநாடி மௌனம். அந்த மௌனத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு நீண்ட மூச்சு. ஒதுக்கிவைத்த இருபது விநாடியில் மிக விலை உயர்ந்த பகுதி இதுதான்.

முடிவில் ஒரு பொறுப்பு

தேர்வைப் பற்றிய நிகழ்த்துகவிதைகளில் பல, மரணத்தில் போய் முடிகின்றன. ராஜஸ்தானின் கோட்டா நகரிலிருந்து வந்த செய்திகள் அந்த முடிவை எல்லோர் மனதிலும் பதித்துவிட்டன. மேடையில் அது பலமான முடிவாகத் தெரியும். ஆனால் இணையத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மறுநாள் தேர்வு எழுதப்போகும் பிள்ளையும் இருக்கலாம். தற்கொலைச் செய்திகளை வெளியிடுவது குறித்து உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்வது: எப்படி நடந்தது என்று விவரிக்க வேண்டாம், பிரச்சினைக்கு அது ஒரு தீர்வு என்பதுபோலக் காட்ட வேண்டாம், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கவிதைக்கும் இது பொருந்தும். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் உதவி எண் 14416ஐ வீடியோவின் கீழே எழுதிவிட்டால் கவிதையில் ஒரு விநாடியும் செலவாகாது.

துயரத்தை மறைக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். நம் மாணவியின் கவிதை இப்படி முடியலாம்:

மணி அடிக்குது. /
முதல் கேள்வி தெரியல. //
ரெண்டாவது தெரியும். //
ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிக்கறேன்.

தேர்வு மாறவில்லை. பாட்டியின் வேண்டுதலும் அப்பா கட்டிய ஃபீஸும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒரு பெண் பேனாவை எடுக்கிறாள், அவ்வளவே.

திரை செய்யும் சதி

மேடையில் பலித்தது திரையில் பலிக்காமல் போகலாம். வீடியோ கூட்டங்களுக்கான மென்பொருள்கள் மின்விசிறிச் சத்தத்தை வடிகட்டப் பழகியவை. மெல்லிய மூச்சையும் கிசுகிசுப்பையும் அவை அதே சத்தமாக எண்ணி விழுங்கிவிடும். இவ்வளவு கணக்குப் போட்டு வைத்த மூச்சு கேட்பவரைச் சென்றடையவே செய்யாது. ஜூம் செயலியில் Original sound for musicians என்ற அமைப்பை இயக்கினால் இந்த வடிகட்டல் நின்றுவிடும். அப்போது அறையின் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருந்தால் 'ப' வெடிக்காது.

மௌனத்திலும் ஆபத்து இருக்கிறது. மேடையில் நான்கு விநாடி மௌனம் அரங்கைக் கட்டிப்போடும். திரையில் அசையாமல் நின்றால் நெட் போய்விட்டது என்று பார்ப்பவர் நினைப்பார். தோள் உயர்ந்து இறங்குவது தெரிய வேண்டும். அல்லது கை மேசையில் எதையாவது தேட வேண்டும். புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பைக் கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, நின்றுகொண்டு பேசுவது நல்லது. குனிந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சு பாதியாகும்.

கவிதை தயாரா என்று அறிய ஒரு சோதனை உண்டு. பதிவு செய்து, படத்தை மறைத்துவிட்டு, கவிதையைப் படித்திராத ஒருவருக்குக் குரலை மட்டும் போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவர் எழுதித் தரட்டும். 'மறக்கல' என்பது 'மறந்தது' என்று அவர் தாளில் இருந்தால், கோடு போட வேண்டிய இடம் அதற்கு முந்தைய வரி.