தன் பழைய ஓட்டத்தோடு பந்தயம்

நின்டெண்டோ நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 'மாரியோ கார்ட் வீ' விளையாட்டில் டைம் ட்ரையல் என்றொரு பிரிவு உண்டு. அதில் போட்டியாளர்கள் கிடையாது. மூன்று சுற்றுகள், வேகம் கூட்டிக்கொள்ள மூன்று காளான்கள், ஓடும் கடிகாரம், அவ்வளவுதான். கூடவே பாதி ஊடுருவித் தெரியும் ஒரு வண்டி மட்டும் ஓடிவரும். அதன் மேல் மோதினாலும் இடிக்காது, புகுந்து வெளியே வந்துவிடலாம். அதற்குப் பெயர் கோஸ்ட். நேற்று நாம் ஓட்டிய மிகச் சிறந்த ஓட்டம்தான் இன்று நம் பக்கத்தில் அப்படி ஓடுகிறது.

பார்ப்பதற்கு அது நேற்றைய வீடியோ போலத் தோன்றும். உண்மையில் அந்தக் கோப்பில் படமும் இல்லை, வண்டி எந்த நொடியில் எங்கே இருந்தது என்ற குறிப்பும் இல்லை. விரல்கள் எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தின, ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மட்டுமே பதிவாகியிருக்கிறது. கச்சேரியின் ஒலிப்பதிவுக்கும் அதன் ஸ்வரக் குறிப்புக்கும் உள்ள வித்தியாசம் இது. குறிப்பைப் பார்த்து மறுபடி வாசிப்பதுபோல, விளையாட்டு இன்னொரு வண்டியை உருவாக்கி, அதே பொத்தான்களை அதே கணங்களில் அழுத்தி, அந்த ஓட்டத்தை நம் கண்முன்னே புதிதாக ஓட்டிக் காட்டுகிறது.

இப்படிச் செய்வதற்கு முதல் காரணம் இடச் சிக்கனம். ஓர் ஓட்டம் 80 வினாடி நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம் வேகத்தில் இயங்குகிறது. ஆக, 4,800 ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலும் வண்டியின் இடத்தைக் குறிக்க மூன்று எண்களும், அது திரும்பியிருந்த கோணத்துக்கு மூன்று எண்களும், எண்ணுக்கு 4 பைட்டாக எழுதினால் மொத்தம் 1,15,200 பைட் வேண்டும். மாரியோ கார்ட் வீயின் கோஸ்ட் கோப்போ 10,240 பைட்டைத் தாண்டக் கூடாது.

பொத்தான்களை எழுதினால் அந்த அளவுக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. ஒரு பைட்டில் 'எது அழுத்தப்பட்டது', அடுத்த பைட்டில் 'எத்தனை ஃபிரேம் நீடித்தது' என்று இரண்டிரண்டாக எழுதிப்போகிறார்கள். முடுக்கும் பொத்தானைப் பத்து வினாடி விடாமல் அழுத்தியிருந்தால் அது 600 ஃபிரேம். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத முடியாது என்பதால் 255, 255, 90 என மூன்று பதிவுகளாகப் பிரியும். பத்து வினாடிக்கு ஆறே பைட்! ஸ்டிக் சற்று அதிகம் இடம் பிடிக்கும், ஏனென்றால் விரல் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஸ்டிக்கின் சாய்வை 15 படிகளாக மட்டுமே விளையாட்டு எடுத்துக்கொள்கிறது. இவற்றோடு தடம், வண்டி, ஓட்டுநர், ஒவ்வொரு சுற்றின் நேரம் ஆகியவை கோப்பின் தலைப்பில் இடம்பெறும்.

பொத்தான்களை மட்டும் வைத்து ஓட்டத்தை மீட்க வேண்டுமானால் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. அதே பொத்தானை அதே ஃபிரேமில் அழுத்தினால் எப்போதும் அதே விளைவுதான் வர வேண்டும். தற்செயலுக்கு அங்கே இடமே இருக்கக் கூடாது. டைம் ட்ரையலில் வழியில் கிடைக்கும் பொருள் பெட்டிகள் இல்லாமல் காளான்களை முன்கூட்டியே தந்துவிடுவது இந்த நிபந்தனைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெட்டியிலிருந்து ஒரு முறை காளானும் மறு முறை வேறொன்றும் வந்தால் பதிவு செய்த பொத்தான்களுக்கு அர்த்தமே இராது.

நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதை டால்ஃபின் என்ற எமுலேட்டரில் விளையாடியவர்கள் கண்டார்கள். வீ கருவியின் வேலையைச் சாதாரணக் கணினியில் செய்துகாட்டும் மென்பொருள் அது. வீயின் செயலி தசம எண்களைப் பெருக்கும்போது முழுமையாக்கும் முறை நம் கணினிகளின் முறையிலிருந்து நுணுக்கமாக வேறுபடுகிறது. அந்த வித்தியாசம் ஒரு ஃபிரேமில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமின் விடையும் அடுத்த ஃபிரேமின் தொடக்கம் அல்லவா? சில நூறு ஃபிரேம்களில் கோஸ்ட் மயிரிழை விலகும், அடுத்த வளைவில் புல்லில் இறங்கும், அதன்பின் சுவரில் முட்டியபடி காளானை வீணாக்கும். கோப்பின் தலைப்பில் மட்டும் அருமையான நேரம் அப்படியே இருக்கும். அந்த நேரமும் கண்ணில் படும் ஓட்டமும் பொருந்தாமல் போனால், இணக்கம் அறுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். டால்ஃபினை எழுதியவர்கள் வீயின் பெருக்கல் முறையையே பிசகாமல் பின்பற்றி இதைச் சரிசெய்தார்கள்.

கார் பந்தய விளையாட்டான டிராக்மேனியா வேறு வழியில் போகிறது. அங்கே கண்ணில் தெரியும் கோஸ்ட், குறித்த இடைவெளிகளில் பதிவான இடங்களை இணைத்து வரையப்படுவது. அதனால் அது வழிதவறாது. ஆனால் சாதனையைச் சரிபார்க்க உதவும் ரீப்ளே கோப்பில் பொத்தான் பதிவும் சேர்ந்தே இருக்கிறது. 2021-இல் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சில பழைய சாதனைகளில் ஸ்டியரிங் அசைவுகள் மனித விரலால் இயலாத அளவுக்கு நெருக்கமாக விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். விளையாட்டை மெதுவாக ஓடவிட்டு ஆடி, நேரத்தை மட்டும் இயல்பு வேகக் கணக்கில் காட்டியிருந்தார்கள். வீடியோவை மட்டும் பார்த்து இதை நிரூபிப்பது மிகக் கடினமாக இருந்திருக்கும்.

இனி, கோஸ்டைப் பார்த்து ஓட்டுபவர் பெரும்பாலும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். நம் வண்டி கோஸ்டுக்கு 0.3 வினாடி பின்னால் வருகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையில் போகும்போது அந்த 0.3 வினாடி 15 மீட்டர் இடைவெளியாகத் தெரியும். அடுத்து வரும் கொண்டை ஊசி வளைவில் வேகம் 72-க்கு இறங்கினால் அதே 0.3 வினாடி வெறும் 6 மீட்டர்தான். 'பிடித்துவிட்டேன்' என்று மனம் துள்ளும். நேரத்தில் எதுவுமே மாறவில்லை. வளைவு முடிந்ததும் கோஸ்ட் மறுபடி விலகிப்போகும், நாம் வெளியேறும்போது ஏதோ தவறு செய்தோம் என்று நினைத்து நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொள்வோம்.

ஆகவே இடைவெளியை மீட்டரில் பார்க்கக் கூடாது. தடத்தில் அசையாத ஓர் இடத்தை, ஒரு பலகையையோ பாலத்தையோ வைத்துக்கொண்டு, கோஸ்ட் அதைக் கடந்து எவ்வளவு நேரம் கழித்து நாம் கடக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அப்படியும் வளைவின் நடுவில் எடுத்த கணக்கை நம்ப முடியாது. பிரேக்கைத் தாமதமாக அழுத்தியவர் உள்ளே நுழையும்போது முந்துவார், ஆனால் வெளியேறும் வேகத்தை இழந்து நேர்ச்சாலை முழுவதும் அதற்கு விலை கொடுப்பார். அடுத்த நேர்ச்சாலையின் முடிவில் எடுக்கும் கணக்கே அந்த வளைவில் லாபமா நட்டமா என்பதைச் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோஸ்ட் நம் திறமையை மட்டுமல்ல, பிழைகளையும் அச்சுப் பிசகாமல் ஓட்டிக் காட்டுகிறது. கண் அதன் மேலேயே இருந்தால், அது அகலமாகப் போகும் வளைவில் நாமும் அறியாமல் அகலமாகப் போவோம். புதிய தடக்கோடு ஒன்றைப் பழகும்போது கோஸ்டை அணைத்துவிட்டு, சுற்று நேரம் ஓரளவு நிலைப்பட்ட பிறகு திரும்ப வரவழைப்பது நல்லது. சொந்த கோஸ்டைத் தொடர்ந்து வெல்ல முடிந்துவிட்டால், நம்மைவிடக் கொஞ்சமே வேகமான இன்னொருவரின் கோஸ்டை எடுத்துக்கொள்ளலாம். உலக சாதனைக் கோஸ்ட் இதற்கு உதவாது. இரண்டாவது வளைவு வருவதற்குள் அது கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும்.